விண்வெளியிலிருந்து சீனப் பெருஞ்சுவர் தெரியுமா?

பொது அறிவுப் புதிர்ப்போட்டிகளில் நெடுங்காலமாகக் கேட்கப்படும் வினா ஒன்று உண்டு. "நிலவிலிருந்து பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியும் மனிதப் படைப்பு எது?" என்பதுதான் அது. போட்டியாளர்கள் சற்றும் தயங்காமல் "சீனப் பெருஞ்சுவர்" என்று விடை கூறுவார்கள். நடத்துநரும் மதிப்பெண் வழங்கிவிடுவார். நீங்களும் எங்காவது இதைப் படித்திருப்பீர்கள். அல்லது யாரேனும் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

2003ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், யாங் லிவெய் என்னும் விண்வெளி வீரர் 'ஷென்சோ 5' விண்கலத்தில் புறப்பட்டார். சீனா தன் சொந்தக் கலத்தில் விண்வெளிக்கு அனுப்பிய முதல் மனிதர் அவரே. ஏறத்தாழ 340 கிலோமீட்டர் உயரத்தில் அவர் பூமியைப் பதினான்கு முறை சுற்றிவிட்டு, மறுநாள் தரையிறங்கினார். பெருஞ்சுவரைப் பார்த்தீர்களா என்று அவரிடம் கேட்டார்கள். சீனர்கள் அனைவரும் ஆவலோடு காத்திருந்த விடை அது. பூமி மிகவும் அழகாக இருந்தது. ஆனால் பெருஞ்சுவர் தம் கண்ணுக்குத் தெரியவில்லை என்று அவர் உள்ளதை உள்ளபடி கூறினார்.

அந்த விடை சீனாவில் பெரும் பேச்சாயிற்று. அந்நாட்டுத் தொடக்கப்பள்ளிப் பாடநூலிலேயே, விண்வெளியிலிருந்து பெருஞ்சுவர் தெரியும் என்று கூறும் பாடம் இருந்தது. பெருமைக்குரிய செய்தியாகப் பல ஆண்டுகள் அதைப் படித்துவந்த மக்களுக்கு, தங்கள் நாட்டு வீரரே அதை மறுத்தது வியப்பை அளித்தது. பாடநூலைத் திருத்த வேண்டும் என்னும் குரல் எழுந்தது. பாடநூலில் அச்சான செய்தி என்பதால் மட்டும் ஒன்று உண்மையாகிவிடாது. இதைப் பாடநூலிலேயே படிப்பது உங்களுக்குச் சற்று வேடிக்கையாக இருக்கலாம்.

இனி, இந்தக் கூற்று எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். விண்வெளிக்குச் சென்ற யாரோ ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னதாகவே பலர் நினைக்கின்றனர். உண்மை அதுவன்று. 1754ஆம் ஆண்டில் வில்லியம் ஸ்டூக்லி என்னும் ஆங்கிலேயத் தொல்பொருள் அறிஞர் ஒரு கடிதம் எழுதினார். இங்கிலாந்தின் வடபகுதியில் ரோமானியர்கள் எழுப்பிய ஹேட்ரியன் சுவரைப் பற்றி அதில் வியந்து எழுதினார். அந்தச் சுவரை விஞ்சக்கூடியது சீனச் சுவர் ஒன்றே என்றும், அது நிலவிலிருந்துகூடத் தெரியக்கூடும் என்றும் குறிப்பிட்டார். அப்போது மனிதன் வெப்பக்காற்றுப் பலூனில்கூடப் பறந்ததில்லை. பின்னர், 1895இல் ஹென்றி நார்மன் என்னும் செய்தியாளர் கிழக்காசியாவைப் பற்றி எழுதிய நூலில் இதே கருத்தைக் கூறினார். 1932இல் 'நம்பினால் நம்புங்கள்' என்னும் புகழ்பெற்ற ரிப்ளியின் கேலிச்சித்திரத் தொடரிலும் இது இடம்பெற்றது. செய்தித்தாள் வாசகர்கள் பலரிடம் அதன்வழி இது சென்று சேர்ந்தது.

காலத்தைக் கவனியுங்கள். விண்வெளிக்குச் சென்ற முதல் மனிதரான யூரி ககாரின் புறப்பட்டது 1961இல். ஆக, பார்க்கக்கூடியவர் ஒருவர்கூட இல்லாத காலத்திலேயே, ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக, இந்தக் கூற்று உலவி வந்திருக்கிறது. இது கண்ணால் கண்ட சான்று அன்று. பெருஞ்சுவரின் நீளத்தை எண்ணி வியந்தவர்களின் கற்பனை.

அவர்கள் வியந்ததில் தவறில்லை. பல அரச மரபுகள் வெவ்வேறு காலங்களில் கட்டிய பகுதிகளையெல்லாம் சேர்த்து, சுவரின் மொத்த நீளம் 21,196 கிலோமீட்டர் என்று சீன அரசு 2012இல் அறிவித்தது. இவ்வளவு நீளமான ஒன்று உயரத்திலிருந்து எப்படித் தெரியாமல் போகும்? இந்தக் கேள்விக்கான விடை, சுவரின் நீளத்தில் இல்லை; அகலத்தில் இருக்கிறது. சுற்றுப்பயணிகள் மிகுதியாகச் செல்லும் பாதாலிங் பகுதியில்கூடச் சுவரின் அகலம் ஆறு மீட்டர் அளவே. இரண்டு பேருந்துகள் பக்கம் பக்கமாக நெருங்கி நின்றால் அந்த அகலம் நிரம்பிவிடும். வேறு பல இடங்களில் சுவர் அதைவிடக் குறுகலானது.

ஒரு பொருள் நம் கண்ணுக்குத் தெரிவது அதன் உண்மையான அளவை மட்டும் பொறுத்ததன்று. அது நம் கண்ணில் எவ்வளவு கோணத்தை அடைக்கிறது என்பதே முக்கியம். கையை நீட்டிச் சுண்டுவிரலைப் பாருங்கள். அது ஏறத்தாழ ஒரு பாகை கோணத்தை அடைக்கும். முழுநிலவு அதில் பாதியைத்தான், அதாவது அரைப் பாகையை அடைக்கிறது. ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் கிடைக்கும் சிறு பகுதியைக் கோண நிமிடம் என்பார்கள். நல்ல பார்வை உடையவரின் கண், ஒரு கோண நிமிடம் வரையிலான நுட்பங்களைப் பிரித்துப் பார்க்கும். முழுநிலவின் குறுக்களவை முப்பது பங்காக்கினால், அதில் ஒரு பங்குதான் அந்த அளவு. அதைவிடச் சிறியவற்றின் வடிவத்தையும் அகலத்தையும் நம்மால் அறிய முடியாது. இதைக் கண்ணின் பிரிதிறன் என்கிறோம்.

இதை மீட்டர் கணக்கில் மாற்றுவது எளிது. ஒரு மீட்டர் அகலமுள்ள பொருள் ஏறத்தாழ 3,400 மீட்டர் தொலைவில் இருக்கும்போது சரியாக ஒரு கோண நிமிடத்தை அடைக்கும். ஆகவே, பார்ப்பவருக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள தொலைவை 3,400ஆல் வகுத்தால், அந்தத் தொலைவில் கண்ணால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய அகலம் கிடைத்துவிடும். இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டே நாம் யாங் லிவெய் சொன்னதைச் சோதித்துப் பார்க்கலாம்.

அவர் பறந்த உயரம் 340 கிலோமீட்டர், அதாவது 340,000 மீட்டர். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான நேர்கோட்டுத் தொலைவைவிட இது சற்று அதிகம். இதை 3,400ஆல் வகுத்தால் 100 மீட்டர் கிடைக்கும். அந்த உயரத்திலிருந்து பார்க்கும்போது, நூறு மீட்டர் அகலமாவது இருந்தால்தான் ஒரு பொருளின் அகலம் கண்ணுக்குப் புலப்படும். பெருஞ்சுவரோ ஆறு மீட்டர். தேவையான அளவில் ஏறத்தாழப் பதினேழில் ஒரு பங்குதான்.

கணக்கைத் திருப்பியும் போட்டுப் பார்க்கலாம். ஆறு மீட்டர் அகலமுள்ள சுவரை எவ்வளவு உயரத்திலிருந்து பிரித்தறியலாம்? 6ஐ 3,400ஆல் பெருக்கினால் 20,400 மீட்டர். அதாவது இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். பயணிகள் விமானங்கள் பத்து, பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கின்றன. எனவே, வானம் தெளிவாக இருந்தால் விமானச் சன்னல் வழியாகப் பெருஞ்சுவரைப் பார்ப்பது இயலக்கூடியதே. ஆனால், விண்வெளியின் தொடக்கம் என்று பொதுவாகக் கொள்ளப்படும் எல்லை நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த வாசற்படியில் நின்று பார்த்தால்கூட, கண்ணுக்கு ஏறத்தாழ முப்பது மீட்டர் அகலம் தேவைப்படுகிறது.

நிலவின் கதையோ இன்னும் வேடிக்கையானது. நிலவு சராசரியாக 384,400 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்கிருந்து ஒரு சுவரின் அகலம் தெரிய வேண்டுமானால், அது ஏறத்தாழ 113 கிலோமீட்டர் அகலத்தில் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஸ்டூக்லி வியந்த ஹேட்ரியன் சுவரின் மொத்த நீளமே 117 கிலோமீட்டர்தான்! 1969இல் அப்போல்லோ 12 பயணத்தில் நிலவில் கால்பதித்த ஆலன் பீன், அங்கிருந்து பார்த்தால் பூமி பெரும்பாலும் வெண்மையும் ஆங்காங்கே நீலமும் கொண்ட உருண்டையாகத் தெரிந்தது என்றும், மனிதன் ஆக்கிய எந்தப் பொருளும் தெரியவில்லை என்றும் கூறியிருக்கிறார். நிலவைப் பொறுத்தவரை வழக்கு இத்துடன் முடிந்தது.

ஆனால், 340 கிலோமீட்டர் உயரத்தைப் பொறுத்தவரை வழக்கு இன்னும் முடியவில்லை. கூர்ந்து சிந்திக்கும் மாணவர் ஒருவர் இங்கே ஒரு தடை எழுப்பலாம். "தொலைவில் செல்லும் மின்கம்பியின் தடிமன் ஒரு கோண நிமிடத்தைவிட மிகக் குறைவுதானே? ஆனாலும், வானத்தின் பின்னணியில் அது கருங்கோடாக நன்றாகத் தெரிகிறதே! அதுபோல மெல்லிய நீண்ட சுவரும் ஒரு கோடாகத் தெரியக்கூடாதா?"

இது நல்ல கேள்வி. பெருஞ்சுவர் தெரியாது என்று விளக்கும் பலர் அகலக் கணக்கோடு நிறுத்திக்கொள்வதால், இந்தக் கேள்விக்கு விடை தராமலே போய்விடுகிறார்கள். பிரிதிறன் என்பது ஒரு பொருளின் அகலத்தை அறியும் எல்லை; 'அங்கே ஏதோ ஒன்று இருக்கிறது' என்று மட்டும் கண்டுகொள்வதற்கு அந்த எல்லை பொருந்தாது. விண்மீன்களின் கோண அளவு மிக மிகச் சிறியது. ஆயினும் இருண்ட வானில் அவை ஒளிர்வதால் நமக்குத் தெரிகின்றன. கம்பியும் அப்படித்தான். அதன் நிறத்துக்கும் பின்னணிக்கும் இடையே உள்ள வேறுபாடுதான் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர். அதை நான்கு மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பதும், ஆறு மீட்டர் அகலச் சுவரை 340 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்ப்பதும் கோணக் கணக்கில் ஒன்றே. நீண்ட கருமுடி ஒன்றை வெள்ளைத்தாளில் நேராக ஒட்டுங்கள். அதை நல்ல வெளிச்சத்தில் வைத்துவிட்டு, நான்கு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். கூர்மையான பார்வை உடையவர்களுக்கு மங்கலான ஒரு கோடு தென்படலாம். இப்போது அதே முடியைப் பழுப்பு நிற மரமேசையின்மீது ஒட்டிவிட்டு, அதே தொலைவிலிருந்து பாருங்கள். முடியின் நீளம் மாறவில்லை, தடிமனும் மாறவில்லை. ஆனால், கோடு மறைந்துவிடும். முடியின் நீளத்தை இரு மடங்காக்கினாலும் பயன் இராது.

இதன் காரணம் என்ன? பிரிதிறனைவிடச் சிறிய பொருளின் ஒளியும் அதன் இரு பக்கங்களிலும் உள்ள பின்னணியின் ஒளியும் கண்ணில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. நம் கணக்கில் சுவர், ஒரு கோண நிமிட அகலத்தில் பதினேழில் ஒரு பங்கை, அதாவது நூற்றுக்கு ஆறு பங்கை மட்டுமே நிரப்புகிறது. சுவர் மைபோன்ற கருமையாகவும் சுற்றியுள்ள நிலம் பால்போன்ற வெண்மையாகவும் இருந்தால், அந்த இடத்தின் வெளிச்சம் நூற்றுக்கு ஆறு பங்கு குறையும். கண் அதைக் கண்டுகொள்ளும். ஆனால், சுவரின் வெளிச்சமும் நிலத்தின் வெளிச்சமும் பத்து விழுக்காடு மட்டுமே வேறுபடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்போது கலந்தபின் எஞ்சும் வேறுபாடு 0.6 விழுக்காடுதான். மிகச் சாதகமான நிலையிலேயே ஏறத்தாழ ஒரு விழுக்காட்டு வேறுபாடாவது இருந்தால்தான் நம் கண் உணரும். ஆகவே, சுவர் நிலத்தோடு கரைந்துவிடுகிறது.

உண்மையில் சுவரின் நிறம் எப்படிப்பட்டது? இங்கேதான் அதைக் கட்டியவர்களின் முறை வருகிறது. அவர்கள் கட்டுமானப் பொருள்களை முடிந்தவரை அருகிலிருந்தே எடுத்தார்கள். மலைப்பகுதிகளில் அந்த மலையின் கல். மேற்கே கான்சு போன்ற வறண்ட பகுதிகளில் காலடியிலிருந்த மண்ணையே பலகைகளுக்கிடையே கொட்டி, இடித்து இறுக்கினார்கள். பெய்ஜிங்கைச் சுற்றியுள்ள மிங் அரசர் காலத்துப் பகுதிகளில் செங்கல் இருந்தாலும், அதுவும் சாம்பலும் பழுப்பும் கலந்த மங்கல் நிறமே. மண் சுவர்கள் பல இடங்களில் காற்றாலும் மழையாலும் தேய்ந்து வெறும் மேடுகளாகிவிட்டன. பழுப்பு நிற மேசையில் ஒட்டிய முடியின் நிலைதான் பெருஞ்சுவருக்கும். இதோடு, கீழிருந்து வரும் ஒளி காற்று மண்டலத்தின் தூசியையும் மூடுபனியையும் கடந்து வரும்போது, இருக்கின்ற சிறிய நிறவேறுபாடும் மேலும் மங்கிவிடுகிறது.

விண்வெளி வீரர்களுக்கு நெடுஞ்சாலைகளும் விமான ஓடுபாதைகளும் தெரிகின்றனவே என்றால், விளக்கம் இதுதான். பாலைவனத்தின் வெளிர்மணலைக் கீறிச் செல்லும் கரிய தார்ச்சாலை, வெள்ளைத்தாளில் ஒட்டிய முடி. இரவில் நகரங்கள் இன்னும் எளிதாகத் தெரியும். சிங்கப்பூரின் விளக்கொளி விண்வெளி நிலையத்திலிருந்து எடுத்த படங்களில் பளிச்சென்று தெரிகிறது. "விண்வெளியிலிருந்து தெரியும் ஒரே மனிதப் படைப்பு" என்னும் தொடரில் 'ஒரே' என்ற சொல்லும் ஆக, பொய்யாகிறது.

பெருஞ்சுவரைப் பதிவு செய்ய முடியாதா என்றால், முடியும். 2004ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள், அனைத்துலக விண்வெளி நிலையத்தில் இருந்த லீரோய் சியாவ் என்னும் அமெரிக்க வீரர், சீனாவின் உள் மங்கோலியப் பகுதியைப் படமெடுத்தார். 180 மில்லிமீட்டர் குவியத் தொலைவுடைய தொலைநோக்கு வில்லையை அவர் பயன்படுத்தினார். பின்னர் அந்தப் படத்தை ஆராய்ந்தவர்கள், அதில் சுவரின் பகுதிகள் மெலிதாகத் தெரிவதாக உறுதிசெய்தனர். அன்று வெயில் நன்றாக இருந்தது; சற்று முன்பு பனியும் பொழிந்திருந்தது. வெண்பனிப் பின்னணியில் சுவர் கொஞ்சம் எடுப்பாகத் தெரிந்ததில் வியப்பில்லை. சூரியன் தாழ்ந்திருக்கும் நேரமும் இதற்கு உதவும். சூரியன் அடிவானத்திலிருந்து பத்துப் பாகை உயரத்தில் இருந்தால், எட்டு மீட்டர் உயரச் சுவரின் நிழல் நாற்பத்தைந்து மீட்டர் வரை நீளும். அப்போது நாம் பார்ப்பது சுவரைவிடப் பல மடங்கு அகலமான அதன் நிழலை. இவ்வளவு வசதிகள் அமைந்தும், சுவரைத் தம் வெறுங்கண்ணால் கண்டதாகச் சியாவ் உறுதியாகக் கூறவில்லை. படம் எடுத்த கருவி கண்டது. கண் கண்டதா என்பது அவருக்கே தெரியவில்லை. இந்தப் படத்தைக் காட்டி, "பார்த்தீர்களா, தெரிகிறதே!" என்று சிலர் வாதிடுவதுண்டு. வெறுங்கண்ணால் தெரியும் என்பதும், வில்லையின் துணையோடு தெரியும் என்பதும் வெவ்வேறு கூற்றுகள். வில்லையின் வலிமையைக் கூட்டிக்கொண்டே போனால், சுவரின்மேல் நிறுத்திய வண்டியைக்கூடப் படமெடுத்துவிடலாம்.

படத்தைக் கண்டு ஏமாறுவதும் எளிது. அதே 2004ஆம் ஆண்டு மே மாதத்தில், ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் தன் 'புரோபா' துணைக்கோள் எடுத்த படம் ஒன்றை வெளியிட்டது. பெய்ஜிங்கின் வடகிழக்கே மலைகளுக்கிடையே வளைந்து வளைந்து செல்லும் ஒரு கோடு அதில் தெளிவாகத் தெரிந்தது. அதுவே பெருஞ்சுவர் என்று அறிவித்தார்கள். சில நாள்களிலேயே அந்நிறுவனம் தன் அறிவிப்பைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது. அந்தக் கோடு சுவரன்று. மியுன் நீர்த்தேக்கத்தில் சென்று கலக்கும் ஓர் ஆறு.

அறிஞர்களே தடுமாறிய இடத்தில் நாம் எப்படி வேறுபாடு காண்பது? கோடு எங்கே செல்கிறது என்று பார்க்க வேண்டும். ஆறு எப்போதும் தாழ்வான வழியைத் தேடி ஓடுவது. இரு மலைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தாக்கில் அது வளையும், பிற ஓடைகள் அதில் வந்து சேரும், முடிவில் ஓர் ஏரியையோ பெரிய ஆற்றையோ அடையும். எதிரியை மேலிருந்து கண்காணிக்கக் கட்டப்பட்ட பெருஞ்சுவர், அந்த மலைப்பகுதியில் பெரும்பாலும் மலைமுகடுகளின்மேல் ஏறி இறங்கிச் செல்கிறது. படத்திலுள்ள மலைகளின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அதைக் கொண்டு முகடு எது, பள்ளம் எது என்று தெரிந்துகொள்ளலாம். வளைந்து செல்லும் கோடு பள்ளத்தில் ஓடினால், அதில் படகு விடலாம். காவல் நிற்க முடியாது.